விலகல் வீதம்: வகுக்கும் எண்ணையும் சேவைக்காலப்படி பிரிக்க வேண்டும்

கேள்வி: நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். எக்செல் தாளில் பெயர், பிரிவு, சேர்ந்த திகதி, விலகிய திகதி மட்டும் இருக்கின்றன. 2024இல் எந்தப் பிரிவில், எவ்வளவு காலம் வேலை செய்தவர்கள் கூடுதலாக விலகினார்கள் என்று முகாமையாளர் வீதமாகக் கேட்கிறார். விலகியவர்களைப் பிரிவு வாரியாகவும் சேவைக்கால வாரியாகவும் எண்ணிவிட்டேன். எதனால் வகுப்பது என்றுதான் தெரியவில்லை. வருடக் கடைசியில் இருந்த ஆட்களின் தொகையால் வகுக்கலாமா?

பதில்:

வகுக்கக் கூடாது, அதிலும் நிலாவெளியில் கட்டாயம் கூடாது. கிழக்குக் கரையில் சுற்றுலாப் பருவம் ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை நடக்கிறது. டிசம்பர் 31 வரும்போது வடகீழ்ப் பருவமழை பெய்துகொண்டிருக்கும், அறைகளில் பாதி பூட்டியிருக்கும், ஆட்களும் வருடத்திலேயே மிகக் குறைவாக இருப்பார்கள். அந்தத் தொகையால் வகுத்தால் வீதம் வீங்கித் தெரியும். அதே நாளில் பெந்தோட்டையிலுள்ள ஒரு ஹோட்டல் இதே கணக்கைப் போட்டால், அங்கே அப்போதுதான் பருவம் சூடுபிடித்திருப்பதால் வீதம் சுருங்கித் தெரியும். இரண்டு ஹோட்டல்களிலும் ஆட்கள் ஒரே விதமாக விலகினாலும் விடைகள் வேறாக வரும்.

வருடத் தொடக்கத் தொகையையும் இறுதித் தொகையையும் கூட்டி இரண்டால் வகுத்துச் சராசரி எடுக்கும் வழக்கமும் இங்கே உதவாது. இரண்டு நாட்களுமே மழைக்காலத்தில்தான் வருகின்றன. மாதாந்தத் தொகைகள் பன்னிரண்டின் சராசரியை எடுத்தால் பிரிவு வாரியான வீதம் ஓரளவு சரியாக வரும். ஆனால் சேவைக்கால வாரியாகப் பிரிக்கும்போது அதுவும் திணறும். சேவைக்காலம் ஆளோடு ஒட்டிய நிலையான பண்பு அன்று. அது நாளுக்கு நாள் வளர்கிறது. ஜனவரியில் 'ஒரு வருடத்துக்குக் குறைவு' என்ற கட்டத்தில் நிற்பவர் ஜூனில் அடுத்த கட்டத்துக்குப் போயிருப்பார். அவரை எந்தக் கட்டத்தின் தொகையில் சேர்ப்பது என்ற கேள்விக்கு ஆட்களை எண்ணும் முறையில் விடை கிடையாது.

ஆகவே ஆட்களை எண்ணாமல் அவர்கள் வேலையில் இருந்த நாட்களை எண்ண வேண்டும். ஓர் ஊழியர் வேலையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவர் விலகக்கூடிய ஒரு நாள்தான். அந்த நாளில் அவருடைய சேவைக்காலம் ஒரே ஒரு கட்டத்துக்குள்தான் விழும். ஒவ்வொருவரின் நாட்களையும் இப்படிக் கட்டங்களுக்குப் பங்கிட்டு, பிரிவு வாரியாகக் கூட்டி, 365.25ஆல் வகுத்தால் அந்தக் கட்டத்தின் ஆள்-வருடங்கள் கிடைக்கும். அந்தக் கட்டத்தில் விலகியவர்களின் தொகையை அந்த ஆள்-வருடங்களால் வகுப்பதே விலகல் வீதம். நீங்கள் எண்ணி வைத்திருப்பது மேல் எண். அதற்குச் செய்த அதே பங்கீட்டைக் கீழ் எண்ணுக்கும் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று பேரை எடுத்துக் கையால் போட்டுப் பார்ப்போம். கட்டங்களாக முதல் 2 மாதம், 2 மாதம் முதல் 1 வருடம் வரை, 1 முதல் 5 வருடம் வரை, 5 வருடத்துக்கு மேல் என நான்கை வைத்துக்கொள்வோம். கணக்கின் காலம் 2024 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. அது நெட்டாண்டு என்பதால் 366 நாட்கள்.

முதலாமவர் ஹவுஸ்கீப்பிங்கில் 2023 ஒக்டோபர் 16இல் சேர்ந்தார். அவர் கடைசியாக வேலை செய்த நாள் 2024 மே 20. 2023இல் அவர் வேலை செய்த நாட்கள் நம் கணக்கின் காலத்துக்கு வெளியே இருப்பதால் அவற்றைத் தொடுவதில்லை. ஜனவரி 1 முதல் மே 20 வரை 141 நாட்கள். ஜனவரி 1 வரும்போதே இரண்டு மாதம் தாண்டிவிட்டதால் 141 நாட்களும் இரண்டாம் கட்டத்துக்கே போகும். அவருடைய விலகலும் அந்தக் கட்டத்தில்தான் பதிவாகும்.

இரண்டாமவர் சமையலறையில் 2019 ஜூலை 1இல் சேர்ந்து இன்னும் வேலையில் இருப்பவர். 2024 ஜூன் 30 வரையான 182 நாட்கள் '1 முதல் 5 வருடம்' என்ற கட்டத்துக்கும், அதன் பின் வரும் 184 நாட்கள் '5 வருடத்துக்கு மேல்' என்ற கட்டத்துக்கும் சேரும். அவர் விலகவில்லை, இருந்தும் இரண்டு கட்டங்களின் கீழ் எண்ணையும் அவர் வளர்க்கிறார். விலகிய திகதி வெறுமையாக உள்ள வரிகளைத் தாளிலிருந்து வடிகட்டி எறிந்துவிட்டு, விலகியவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போடுபவர்கள் இழப்பது இந்த நாட்களைத்தான். 'விலகியவர்களின் சராசரிச் சேவைக்காலம்' என்று அறிக்கைகளில் வரும் எண்ணுக்கு நான் மதிப்புக் கொடுக்காததற்கும் இதுவே காரணம். போகாமல் இருப்பவர்களைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை.

மூன்றாமவர் 2024 ஜூன் 10இல் சேர்ந்து ஓகஸ்ட் 4 வரை வேலை செய்தவர். ஜூனில் 21, ஜூலையில் 31, ஓகஸ்டில் 4 என 56 நாட்கள். எல்லாமே முதல் கட்டத்துக்குரியவை; விலகலும் அங்கேயே.

இனி இதை எக்செலில் செய்வோம். B நிரலில் பிரிவு, C இல் சேர்ந்த திகதி, D இல் கடைசியாக வேலை செய்த நாள், E இல் விலகிய காரணம் இருக்கட்டும். F1 முதல் J1 வரை கட்டங்களின் எல்லைகளை மாதங்களில் எழுதுங்கள்: 0, 2, 12, 60, 1200. கடைசி எண் ஒரு கூரை மட்டுமே. N1 இல் 2024 ஜனவரி 1ஐயும் N2 இல் 2025 ஜனவரி 1ஐயும் இடுங்கள். டிசம்பர் 31க்குப் பதிலாக அடுத்த நாளை இடுவதால், கழிக்கும்போது கடைசி நாளும் கணக்கில் வரும். பிறகு F2 இல் இதை எழுதி I2 வரை இழுத்து, கீழே எல்லா வரிகளுக்கும் நிரப்புங்கள்.

```
=MAX(0, MIN(IF($D2="",$N$2,$D2+1), $N$2, EDATE($C2,G$1)) - MAX($N$1, EDATE($C2,F$1)))
```

பார்க்க நீளமாக இருந்தாலும் இது செய்வது ஒன்றுதான். ஒரு கட்டத்தின் தொடக்கம், கணக்குக் காலத்தின் தொடக்கம் ஆகிய இரண்டில் பிந்தியதை எடுக்கிறது. கட்டத்தின் முடிவு, கணக்குக் காலத்தின் முடிவு, ஆள் போன நாள் ஆகிய மூன்றில் முந்தியதை எடுக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களைத் தருகிறது. அப்படி இடைவெளி இல்லையென்றால் 0 தருகிறது. விடை திகதி வடிவில் தோன்றினால் அந்தக் கலங்களின் வடிவத்தை எண்ணாக மாற்றிவிடுங்கள். மேலே சொன்ன மூவரையும் முதல் மூன்று வரிகளில் இட்டு 141, 182, 184, 56 ஆகிய எண்கள் வருகின்றனவா என்று பார்த்த பிறகே மற்ற வரிகளுக்குப் போங்கள்.

விலகல் எந்தக் கட்டத்தில் நிகழ்ந்தது என்பதை K2 இல் இப்படி எடுக்கலாம்.

```
=IF(AND($D2>=$N$1,$D2<$N$2,$E2="சுயவிலகல்"), MATCH(DATEDIF($C2,$D2,"m"),$F$1:$I$1,1), 0)
```

DATEDIF என்பது எக்செலின் சூத்திரப் பட்டியலில் தென்படாது. முழுவதையும் நீங்களே தட்டச்சிட்டால் வேலை செய்யும். ஒரு பிரிவின் ஒரு கட்டத்துக்குரிய வீதம், 100 ஆள்-வருடங்களுக்கு இத்தனை விலகல்கள் என்ற அளவில், இப்படி வரும்.

```
=COUNTIFS($B:$B,"சமையலறை",$K:$K,1) / (SUMIFS(F:F,$B:$B,"சமையலறை")/365.25) * 100
```

சூத்திரம் எழுதுவது அரை மணி நேர வேலை. திகதிகளைச் சரிபார்ப்பதுதான் இரண்டு நாள் இழுக்கும். முதலில் பார்க்க வேண்டியது நாளும் மாதமும் இடம் மாறிய திகதிகள். நாம் 03/04/2024 என்று எழுதினால் ஏப்ரல் 3. கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் அதை மார்ச் 4 என்று விளங்கிக்கொள்ளும். 25/04/2024 என்பதைத் திகதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துவிடும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரே நிரலில் சில திகதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். இடப்பக்கம் நிற்பவற்றிலெல்லாம் நாள் 12க்கு மேல் இருக்கும். ISNUMBER என்று கேட்டால் அவற்றுக்கு FALSE வரும். இடப்பக்கம் நிற்பவற்றை மட்டும் திருத்திவிட்டு நின்றுவிடாதீர்கள். வலப்பக்கம் ஒழுங்காக நிற்பவைதான் மாறிப்போனவை. அவை பிழையென்று தாங்களாகக் காட்டிக்கொள்வதில்லை. D நிரலில் எழுத்தாக நிற்கும் ஒரு திகதி, மேலேயுள்ள K சூத்திரத்தில் எந்த எச்சரிக்கையும் தராமல் 0 ஆகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது, 'விலகிய திகதி' என்றால் எந்தத் திகதி என்பது. இதில் நானே ஒருமுறை நன்றாகச் சறுக்கியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் உப்புவெளியில் ஒரு தங்குவிடுதியின் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கணக்குத் தீர்த்துச் சம்பளம் கொடுத்த நாளையே விலகிய நாளாக எடுத்துக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்து இருபதாம் நாள் ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்ட பையன்களுக்குக் கடிதம் அனுப்பி, பதில் வராமல் காத்திருந்து, கோப்பை மூடுவதற்கு மூன்று நான்கு மாதம் ஆகியிருந்தது. என் கணக்கிலோ அவர்கள் எல்லாரும் நான்கு மாதம் வேலை செய்துவிட்டுப் போனவர்களாகத் தெரிந்தார்கள். முதல் மாதத்தில் யாருமே விலகுவதில்லை என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். சமையலறைப் பொறுப்பாளர் அதை வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

உங்கள் தாளில் இந்தப் பிழை இருக்கிறதா என்பதை D நிரலின் நாள் எண்களை மட்டும் DAY கொண்டு பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உண்மையான கடைசி வேலை நாட்கள் மாதம் முழுவதும் பரவியிருக்கும். சம்பளம் வாங்கிய கையோடு போகிறவர்களால் ஒரு சிறு குவியல் இருக்கலாம். பாதிக்கு மேற்பட்டவை மாதக் கடைசி நாளிலோ 25ஆம் திகதியிலோ குவிந்திருந்தால் அது கணக்குப் பிரிவு எழுதிய திகதி. வரவுப் பதிவேட்டில் கடைசியாகக் கையெழுத்திட்ட நாளைத் தேடி எடுத்து இடுங்கள்.

மூன்றாவது, தாளுக்குள் வராமலே போனவர்கள். ஒரு வாரம் வேலை செய்து பார்த்துவிட்டுப் போனவருக்கு ஊழியர் சேமலாப நிதி இலக்கம் எடுக்கும் முன்பே அவர் போயிருப்பார். அவரை யாரும் எக்செலில் ஏற்றியிருக்க மாட்டார்கள். முதல் கட்டத்தின் வீதத்தைக் கூசாமல் குறைத்துக் காட்டுவது இதுதான். ஒவ்வொரு மாதமும் சேமலாப நிதிக்குப் போகும் சி படிவத்திலுள்ள பெயர்களை உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். அதோடு நிற்காமல், பருவம் தொடங்கும் மே, ஜூன் மாதங்களின் வரவுப் பதிவேட்டையும் ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள். படிவத்தில் இல்லாத பெயர்கள் பதிவேட்டில்தான் கிடைக்கும்.

காரண நிரல் உங்களிடம் இல்லை. அதைச் சேர்க்காமல் தொடர வேண்டாம். ஒப்பந்தம் முடிந்து போனவர், ஓய்வு பெற்றவர், நிர்வாகம் நிறுத்தியவர், தானாக விலகியவர் எல்லாரும் ஒரே நிரலில் ஒரே விதமாகத் திகதி போட்டு நிற்பார்கள். முகாமையாளர் கேட்பது தானாக விலகியவர்களைப் பற்றி என்றே எடுத்துக்கொள்கிறேன். மே முதல் செப்டெம்பர் வரை என்று எழுதிக் கொடுத்து எடுத்தவர் செப்டெம்பர் 30இல் போனால் அது விலகல் ஆகாது. ஆனால் அந்த ஐந்து மாதமும் அவர் விலகக்கூடிய நிலையில் இருந்தவர்தான். எனவே அவருடைய நாட்களைக் கீழ் எண்ணில் சேர்த்துக்கொள்ளுங்கள், மேல் எண்ணில் மட்டும் சேர்க்க வேண்டாம். மேலேயுள்ள சூத்திரங்கள் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. E இல் 'சுயவிலகல்' என்று இல்லாத எந்த வரியும் விலகலாக எண்ணப்படாது. அவர் ஜூலையிலேயே சொல்லிக்கொள்ளாமல் போயிருந்தால் அது சுயவிலகல்.

இப்போது கணக்கு எப்படிப் பேசும் என்பதைப் பார்ப்போம். உங்கள் தாளை நான் பார்த்ததில்லை. ஆகவே இரண்டு பிரிவுகளுக்கு ஒரு மாதிரி எண்தொகுதியை வைத்துக்கொள்கிறேன். வாசிக்க இலகுவாக முதல் இரண்டு கட்டங்களையும் சேர்த்து 'ஒரு வருடத்துக்குள்' என்று எழுதியிருக்கிறேன்.

| பிரிவு | சேவைக்காலம் | ஆள்-வருடம் | விலகியோர் | 100 ஆள்-வருடத்துக்கு |
|---|---|---|---|---|
| ஹவுஸ்கீப்பிங் | ஒரு வருடத்துக்குள் | 10 | 9 | 90 |
| | 1–5 வருடம் | 8 | 1 | 12.5 |
| | 5க்கு மேல் | 2 | 0 | 0 |
| | மொத்தம் | 20 | 10 | 50 |
| சமையலறை | ஒரு வருடத்துக்குள் | 3 | 3 | 100 |
| | 1–5 வருடம் | 9 | 2 | 22 |
| | 5க்கு மேல் | 6 | 1 | 17 |
| | மொத்தம் | 18 | 6 | 33 |

மொத்த வரிகளை மட்டும் பார்க்கும் முகாமையாளர், ஹவுஸ்கீப்பிங்கில் 50, சமையலறையில் 33 என்று கண்டு, ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளரைத்தான் கூப்பிட்டு விசாரிப்பார். ஆனால் கட்டம் கட்டமாகப் பார்த்தால் மூன்றிலும் சமையலறையின் வீதமே உயர்ந்து நிற்கிறது. மொத்தத்தில் அது தாழ்ந்து தெரிவதற்குக் காரணம், அங்கே பழையவர்கள் நிறைந்திருப்பது. சமையலறையின் 18 ஆள்-வருடங்களில் 3 மட்டுமே புதியவர்களுடையவை. ஹவுஸ்கீப்பிங்கிலோ 20இல் 10. புதியவர்கள் எங்கும் வேகமாகத்தான் போகிறார்கள். எந்தப் பிரிவில் அவர்கள் கூடுதலோ அந்தப் பிரிவின் மொத்தம் ஏறும்.

இதை ஒரே எண்ணில் சொல்ல வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. ஹவுஸ்கீப்பிங்கின் ஆள்-வருடங்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவர்கள் சமையலறையின் வேகத்தில் விலகியிருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று கேளுங்கள். 10 ஆள்-வருடத்துக்கு 10 பேர், 8க்கு 1.8, 2க்கு 0.3, மொத்தம் 12 பேர். உண்மையில் போனவர்கள் 10. அப்படியானால் சமையலறைதான் மோசமா? அந்த முடிவையும் நான் எழுத மாட்டேன். 10 பேர் விலகிய ஒரு பிரிவில், எதுவும் மாறாமலே அடுத்த வருடம் 7 பேரோ 13 பேரோ விலகலாம். எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் இந்தத் தளம்பலின் அளவு; 10க்கு அது ஏறக்குறைய 3. ஆகவே 10க்கும் 12க்கும் இடையில் சொல்லத்தக்க வேறுபாடு ஒன்றும் இல்லை. நியாயமாகச் சொல்லக்கூடியது, சேவைக்காலத்தைக் கணக்கில் எடுத்த பின் இரண்டு பிரிவுகளுக்கும் இடையில் வேறுபாடு தெரியவில்லை என்பதே. ஹவுஸ்கீப்பிங்கின் '5க்கு மேல்' வரியிலுள்ள 0ஐயும் நல்ல செய்தியாக எடுக்க வேண்டாம். 2 ஆள்-வருடத்தில் ஒருவரும் போகவில்லை என்பதிலிருந்து எதையும் அறிய முடியாது. 5 விலகல்களுக்குக் குறைந்த கலங்களில் நான் வீதத்தை எழுதுவதே இல்லை. ஆள்-வருடத்தையும் விலகியோர் தொகையையும் மட்டும் எழுதிவிடுவேன். இங்கே கணக்கு விளங்குவதற்காகத்தான் எல்லாக் கலங்களிலும் வீதம் போட்டேன். சிறிய ஹோட்டலுக்கு இரண்டு மூன்று வருடங்களைச் சேர்த்து N1ஐப் பின்னுக்குத் தள்ளுவது நல்லது. ஆனால் தாள் எந்த வருடத்தில் தொடங்கப்பட்டதோ அதற்கு முன்னால் தள்ளாதீர்கள். அதற்கு முன்பே விலகியவர்கள் அந்தத் தாளில் இருக்க மாட்டார்கள். நிலைத்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். அந்தக் காலத்தில் யாருமே விலகவில்லை என்பது போல ஓர் அழகான பொய் கிடைக்கும்.

90 என்ற வீதத்தை முகாமையாளரிடம் கொடுக்கும்போது ஒரு விளக்கமும் கூடவே போக வேண்டும். புதிதாகச் சேரும் 100 பேரில் 90 பேர் ஒரு வருடத்துக்குள் போய்விடுவார்கள் என்பது அதன் பொருள் அன்று. ஒருவர் போனதும் அவர் இடத்துக்கு இன்னொருவர் வருகிறார், அவரும் போகிறார். ஒரே ஆள்-வருடத்துக்குள் இப்படி இரண்டு விலகல்கள் அடங்க முடியும். அதனால்தான் வீதம் 100ஐயும் தாண்டும். வருடம் முழுவதும் வேகம் ஒரே சீராக இருந்தால், 90 என்ற வீதத்தில் 100 பேரில் ஏறக்குறைய 59 பேர் ஒரு வருடத்துக்குள் போயிருப்பார்கள். எக்செலில் `=1-EXP(-0.9)` என்று இட்டால் இது வரும்.

ஆனால் வேகம் சீராக இருப்பதில்லை. இரண்டு மாத எல்லையைத் தொடக்கத்திலேயே வைக்கச் சொன்னது இதற்காகத்தான். ஹவுஸ்கீப்பிங்கின் அந்த 9 பேரைப் பிரித்துப் பார்ப்போம். வருடத்தில் 15 பேர் புதிதாகச் சேர்ந்து, அவர்களில் 6 பேர் இரண்டு மாதத்துக்குள் விலகினார்கள் என்றும், போன ஒவ்வொருவரும் சராசரியாக ஒரு மாதம் இருந்தார்கள் என்றும் வையுங்கள். நின்ற 9 பேர் இந்தக் கட்டத்துக்கு 18 ஆள்-மாதங்களையும் போன 6 பேர் 6 ஆள்-மாதங்களையும் தருகிறார்கள். மொத்தம் 24 ஆள்-மாதம், அதாவது 2 ஆள்-வருடம். 6ஐ 2ஆல் வகுத்தால் 100 ஆள்-வருடத்துக்கு 300. மீதி 8 ஆள்-வருடத்தில் 3 பேர் மட்டுமே போயிருப்பதால் அங்கே வீதம் 37.5. ஒரு வருடத்துக்குள் 90 என்று ஒன்றாகத் தெரிந்தது, இரண்டு மாத வாசலில் 300ஆகவும் அதைத் தாண்டியதும் 38ஆகவும் பிரிகிறது.

இந்தப் பிரிவு தெரிந்தால் விசாரிக்க வேண்டிய இடமும் மாறும். இரண்டு மாதத்துக்குள் போகிறவர் பெரும்பாலும் சம்பள உயர்வு கிடைக்காததால் போவதில்லை. அதைப் பற்றி நினைக்கவே அவருக்குக் காலம் போதாது. மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ வருகிறவருக்கு மாலை முறை முடிந்து திரும்ப பஸ் இருக்கிறதா, சேவைக் கட்டணத்தில் பங்கு எத்தனையாவது மாதத்திலிருந்து கிடைக்கும் என்று சேரும்போதே சொல்லப்பட்டதா, ஒரு நாளைக்கு எத்தனை அறைகள் என்று யாராவது முன்கூட்டிச் சொன்னார்களா என்பவையே அங்கே கேட்க வேண்டிய கேள்விகள்.

ஐந்து வருட எல்லையையும் சும்மா வைக்கவில்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கே பணிக்கொடை உரித்தாகிறது. மாதச் சம்பளக்காரருக்கு அது பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தின் அரை மாதத் தொகை. நாலரை வருடத்தில் இருப்பவர் போக நினைத்தாலும் இன்னும் ஆறு மாதம் பொறுப்பார். அப்படிப் பொறுத்திருந்து போகிறவர்கள் உங்களிடம் இருந்தால், 4 முதல் 5 வருடம் வரை வீதம் பள்ளமாகவும் 5 முதல் 6 வரை மேடாகவும் தெரியும். சமையலறையில் பழையவர்கள் கூடுதலாக இருப்பதால் அங்கே மட்டும் 48, 60, 72 மாதம் என்று எல்லைகளை வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். ஒரே வருடத் தரவில் இதற்குப் போதிய ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். நான்கைந்து வருடம் சேர்த்தால்தான் ஏதாவது தெரியும்.

பிரிவு மாறியவர்களுக்கு இரண்டு வரிகள் தேவை. ஹவுஸ்கீப்பிங்கிலிருந்து வரவேற்புப் பகுதிக்குப் போனவருக்கு, முதல் வரியில் D இல் பழைய பிரிவின் கடைசி நாளையும் E இல் 'இடமாற்றம்' என்பதையும் இடுங்கள். இரண்டாம் வரியில் C இல் ஹோட்டலில் முதலில் சேர்ந்த திகதியையே இட்டு, புதிய பிரிவில் நுழைந்த திகதியை L நிரலில் எழுதுங்கள். சூத்திரத்தின் கடைசி MAX க்குள் `$L2` ஐயும் சேர்த்துவிட்டால் போதும். மற்றவர்களுக்கு L வெறுமையாக இருப்பதால் அவர்களின் கணக்கு மாறாது. இப்படிச் செய்யாமல் இப்போதைய பிரிவையே முழுக் காலத்துக்கும் போட்டால், ஹவுஸ்கீப்பிங்கில் நல்லபடியாக நின்று பதவி உயர்ந்தவர்களின் நாட்களெல்லாம் வரவேற்புப் பகுதிக்குப் போய்விடும். ஹவுஸ்கீப்பிங்கின் வீதம் காரணமின்றி ஏறும்.

ஒவ்வொரு பருவத்துக்கும் போய்த் திரும்பி வருகிறவர்களுக்கும் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வரிதான். அவர்களின் சேவைக்காலத்தை முதல் வருகையிலிருந்து எண்ணுவதா, கடைசி வருகையிலிருந்து எண்ணுவதா என்பதில் நான் முதல் வருகையின் பக்கம். மூன்றாம் பருவத்துக்கு வருகிறவரை வேலை தெரியாத புதியவரோடு ஒரே கட்டத்தில் வைப்பது அந்த 300ஐத்தான் நீர்க்கச் செய்யும். முதல் வருகையின் திகதியை C இலும் இந்த வருகையின் திகதியை L இலும் இட்டால் மேலே சொன்ன அதே ஏற்பாடு இதற்கும் பொருந்தும். சட்டப்படியான தொடர்ச்சியான சேவை என்பது இதனோடு குழப்பக்கூடாத வேறு விடயம். பணிக்கொடைக் கணக்குக்கு இந்தத் தாளை எடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக இரண்டு ஒத்துப்பார்ப்புகள். ஜனவரி 1 காலையில் இருந்தவர்கள், அதனோடு வருடத்தில் சேர்ந்தவர்கள், அதிலிருந்து எல்லாக் காரணங்களுக்காகவும் போனவர்களைக் கழித்தால் டிசம்பர் 31 மாலையில் இருந்தவர்கள் வர வேண்டும். இடமாற்ற வரிகளை இதில் இரட்டிக்காமல் பாருங்கள். அடுத்து, F முதல் I வரையான எல்லா நாட்களையும் கூட்டி 366ஆல் வகுத்தால் வருவது அந்த வருடத்தின் சராசரி ஆள் தொகை. அதைச் சி படிவத்தின் பன்னிரண்டு மாதத் தொகைகளின் சராசரியோடு வைத்துப் பாருங்கள். ஓரிரு ஆள் வித்தியாசம் இருக்கலாம். ஐந்தாறு பேர் வித்தியாசம் வந்தால், விலகிய திகதி இடப்படாமல் இன்னும் 'வேலையில் இருக்கும்' பழைய பெயர்கள் தாளில் கிடக்கின்றன என்று பொருள். அவற்றைத் தேடி மூடிய பிறகே முகாமையாளரிடம் போங்கள்.